காணாமல்போன 29 பில்: வாடிக்கையாளர் மெயிலை டிக்கெட்டாக்குவது எப்படி

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ வியாபாரம் விடிவதற்குள் பாதி முடிந்துவிடும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பூ இருட்டிலேயே இறங்கும். நாம் காபி குடிக்கிற நேரத்துக்கு மண்டிக்காரர் அன்றைய பில்களில் பெரும்பகுதியைப் போட்டு முடித்திருப்பார். இதைத் தெரியாமல், மென்பொருளில் வந்த ஒரு குறையை டெவலப்பருக்குத் தெரிவிக்க நான் ஒரு டிக்கெட் எழுதினேன். அது ஒரே நாளில் செத்துப்போனது. அதே மெயிலிலிருந்து மறுநாள் எழுதிய டிக்கெட் பிழைத்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்தேன் என்பதுதான் இந்த வழிகாட்டி.

நான் வேலை செய்வது பில்லிங் மென்பொருளின் சப்போர்ட் குழுவில். புதன்கிழமை காலை 10 மணிக்கு ஒரு பூ கமிஷன் மண்டியிலிருந்து இந்த மெயில் வந்தது:

"அவசரம்!!! வணக்கம் சார். போன வாரம் ஆப் அப்டேட் ஆனதிலிருந்து தினக் கணக்கு சரியாக வரவில்லை. இன்று 40 பில் போட்டிருக்கிறேன், 11தான் காட்டுகிறது. மீதி எல்லாம் அழிந்துவிட்டது. தம்பி போனில் சரியாக இருக்கிறது, என் கம்ப்யூட்டரில்தான் இப்படி. சனிக்கிழமை விவசாயிகளுக்குப் பட்டுவாடா. பிரிண்டரும் மூன்று நாளாக மெதுவாக ஓடுகிறது. உடனே சரி செய்யவும். படம் இணைத்திருக்கிறேன்."

நான் என்ன செய்தேன்? தலைப்பில் "தினக் கணக்கு தப்பு, அவசரம்" என்று போட்டேன். மெயிலை அப்படியே கீழே ஒட்டினேன். முன்னுரிமையை உச்சத்தில் வைத்தேன். டெவலப்பர் மதியம் மூன்று மணிக்கு டெஸ்ட் கணக்கில் ஐந்து பில் போட்டுப் பார்த்தார். ஐந்தும் தினக் கணக்கில் வந்தன. நான்கு மணிக்கு டிக்கெட் `Cannot Reproduce`, அதாவது குறையை வரவைக்க முடியவில்லை, என்று மூடப்பட்டது. அவர் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்ததை வைத்து வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

முதலில் மெயிலைப் பிரியுங்கள்

சப்போர்ட்டுக்கு வரும் மெயிலில் மூன்று வகை வாக்கியங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வாடிக்கையாளர் கண்ணால் பார்த்தது ஒன்று. அதைப் பார்த்து அவர் முடிவு கட்டியது இன்னொன்று. அவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது மூன்றாவது. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போட்டு, வாக்கியம் வாக்கியமாக எடுத்து அதனதன் இடத்தில் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் டிக்கெட் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

இந்த மெயிலில் பார்த்தது எது? "11தான் காட்டுகிறது." அவ்வளவுதான். "அழிந்துவிட்டது" என்பது முடிவு. திரையில் இல்லை என்றால் அழிந்துவிட்டது என்று அவர் நினைத்தது நியாயம்தான். ஆனால் அதை டிக்கெட்டில் உண்மைபோல எழுதினால், டெவலப்பர் பில் எங்கே அழிகிறது என்று தேடப் போவார், ஒரு நாள் வீண். "கம்ப்யூட்டரில்தான் இப்படி" என்பதும் முடிவுதான். அவர் பார்த்தது கம்ப்யூட்டரில் ஒரு திரையை, தம்பி பார்த்தது போனில் ஒரு திரையை. இரண்டும் ஒரே திரையா என்று யாருமே கேட்கவில்லை. "அப்டேட் ஆனதிலிருந்து" என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேதி உண்மையாக இருக்கலாம், காரணம் வேறாக இருக்கலாம்.

முடிவுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல சமயம் அதில்தான் துப்பு இருக்கும். "வாடிக்கையாளர் சொல்வது" என்று அடையாளம் போட்டு வைத்தால் போதும்.

பிரிண்டர் விஷயம் வேறு கதை. ஒரு மெயிலில் இரண்டு குறை வந்தால் இரண்டு டிக்கெட். ஒன்றாகப் போட்டால், பிரிண்டர் சரியாகும்வரை கணக்கு டிக்கெட்டை மூட முடியாது, அல்லது கணக்கு சரியானதும் பிரிண்டரை மறந்துவிடுவார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, மூல மெயிலை இரண்டிலும் சேர்த்துவிடுங்கள்.

இணைப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்

டிக்கெட் மூடப்பட்ட பிறகுதான் அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 11 பில், நேர வரிசையில். முதல் பில்லின் நேரம் காலை 5:34.

பூ மண்டியில் முதல் பில் 5:34க்கா? மாலை அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணா, இன்னைக்கு முதல் பில் எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"மூணு, மூணேகால் இருக்கும் தம்பி. வண்டி வந்ததுமே போட்டுடுவோம்."

"தம்பி போன்ல எந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கறாரு?"

"பில் லிஸ்ட்தான். அதுல எல்லாமே இருக்கே."

சரி, போனும் கம்ப்யூட்டரும் இங்கே பிரச்சினையே இல்லை. தம்பி பார்ப்பது பில் பட்டியல், அண்ணன் பார்ப்பது தினக் கணக்கு. அண்ணனையே கம்ப்யூட்டரில் பில் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். 40 பில்லும் இருந்தன. முதல் பில் 3:12. தினக் கணக்கில் விடுபட்டவற்றில் கடைசி பில் 5:28. அதில் இருப்பவற்றில் முதலாவது 5:34.

5:28 இல்லை, 5:34 இருக்கிறது. நடுவில் நிற்பது 5:30. இந்திய நேரம் UTC எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பல சர்வர்கள் நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து வைக்கும், அது தப்பில்லை. ஆனால் "இன்றைய பில்" என்று பிரிக்கும்போதும் அந்தப் பொது நேரத்துத் தேதியையே எடுத்துக்கொண்டால், நமக்கு நள்ளிரவு முதல் 5:30 வரை போட்ட பில் எல்லாம் நேற்றைய தேதியில் போய் உட்காரும்.

வாடிக்கையாளரிடம் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பூ மண்டிக்காரரிடம் பிரவுசர் பதிப்பு என்ன என்று கேட்டு மெயில் அனுப்பினால், இரண்டு நாள் பதில் வராது. அவர் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை மணி, மேலே இருக்கும் முதல் வரி எது. ஒரு தடவைக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். மீதியைக் கணக்கின் பதிவிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

நீங்களே ஒருமுறை வரவையுங்கள்

ஊகம் கையில் வந்ததும் டிக்கெட் எழுத ஓடக் கூடாது. டெஸ்ட் கணக்கில் அந்தக் குறையை நம் கையால் வரவைத்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு பள்ளங்கள் இருந்தன.

முதல் பள்ளம், மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் கடிகாரத்தை அதிகாலை நான்கு மணிக்கு மாற்றிப் பார்த்தது. பில் ஒழுங்காக வந்தது. ஏனென்றால் எங்கள் மென்பொருளில் பில்லுக்கு நேரம் குத்துவது சர்வர், என் கம்ப்யூட்டர் அல்ல. ஆகவே வேறு வழியில்லை, வீட்டில் உட்கார்ந்து நள்ளிரவு 12:20க்கு ஒரு பில் போட்டேன். காலை 9:40க்கு ஆபீஸில் இன்னொன்று. வியாழக்கிழமை தினக் கணக்கில் ஒன்றுதான் வந்தது. இரவு போட்ட பில் புதன்கிழமைக் கணக்கில் இருந்தது. இரண்டே பில்லில் குறை கையில் சிக்கிவிட்டது.

இரண்டாவது பள்ளம் இன்னும் மோசம். மண்டியின் செவ்வாய்க்கிழமைக் கணக்கைத் திறந்தால் 41 பில் காட்டியது. வழக்கமாக நாற்பதையொட்டி வருகிற கடை, 41 என்றால் சரிதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் செவ்வாய்க்கிழமை உண்மையில் போட்டது 37. அதில் விடியலுக்கு முந்தைய 25 திங்களுக்குப் போய்விட்டது, மிச்சம் 12. அதோடு புதன்கிழமை அதிகாலையின் 29 வந்து சேர்ந்து 41 ஆகியிருக்கிறது. அதாவது முடிந்துபோன நாளை எடுத்துச் சோதித்தால் எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே தெரியும், உள்ளே இருக்கும் பில்கள்தான் வேறு நாளுடையவை. குறை வெளிப்படையாகத் தெரிவது இன்றைய கணக்கில் மட்டும். டெவலப்பர் சோதிக்கும்போது வழுக்கி விழக்கூடிய இடம் இது என்பதால், படிகளில் "இன்றைய தேதி" என்று அழுத்தி எழுதினேன்.

"அப்டேட்டுக்குப் பிறகுதான்" என்பதை உறுதிசெய்தது ஒரு காகிதம். அந்த அண்ணன் தினமும் கணக்கைப் பிரிண்ட் எடுத்துக் கம்பியில் குத்தி வைப்பவர். அப்டேட்டுக்கு முந்தைய புதன்கிழமைத் தாளில் 38 பில் என்று இருந்தது. அதே நாளை இப்போது திரையில் திறந்தால் 36. ஒரே நாள், இரண்டு எண். தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன், ரோஜா இதழ் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. முன்னால் சரியாக இருந்து இப்போது கெட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. டெவலப்பரும் முழு நிரலையும் புரட்ட வேண்டாம், அந்த ஒரு அப்டேட்டில் மாறியதைப் பார்த்தால் போதும்.

படிகளை எழுதுவது

படிகளை எழுதும்போது, இந்த மண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் புதுக் கணக்கைத் திறந்து செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிக்கு ஒரு செயல். எங்கே சொடுக்க வேண்டும் என்பதைத் திரையில் இருக்கும் பெயரிலேயே எழுதுங்கள். "ரிப்போர்ட் பாருங்கள்" என்றால் எங்கள் மென்பொருளில் ஒன்பது ரிப்போர்ட் இருக்கிறது.

அப்புறம் தேவையில்லாததை வெட்ட வேண்டும். மண்டியின் 40 பில் வேண்டாம், இரண்டு போதும். வாடிக்கையாளர் பெயர், சரக்கு வகை, கமிஷன் சதவீதம் எதை மாற்றினாலும் குறை வருகிறது, ஆகவே எதுவும் வேண்டாம். ஒரு படியை எடுத்துவிட்டுப் பாருங்கள். குறை அப்படியே வந்தால் அந்தப் படி அநாவசியம். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு நிபந்தனை: பில் நள்ளிரவுக்கும் 5:30க்கும் நடுவில் போட்டதாக இருக்க வேண்டும். மூன்று மணிக்குச் சோதித்த டெவலப்பருக்குத் தெரியாமல் போனது இது ஒன்றுதான்.

எதிர்பார்த்தது, நடந்தது இரண்டையும் எண்ணாக எழுதுங்கள். "சரியாக வர வேண்டும்" என்பது எதிர்பார்ப்பே அல்ல. "2 வர வேண்டும், 1 வருகிறது" என்று எழுதினால் யாரும் விவாதிக்க முடியாது.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

டிக்கெட்டில் முதலில் இருக்கும் கட்டம் என்பதற்காக அதை முதலில் நிரப்ப வேண்டியதில்லை. படிகள் முடிந்த பிறகுதான் நமக்கே விஷயம் தெரிகிறது. எங்கே, என்ன, எந்த நிலையில் என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. ஆறு மாதம் கழித்து இதே குறையோடு வேறு ஒருவர் வந்தால், தேடல் பெட்டியில் எந்தச் சொற்களைத் தட்டுவார்? "அவசரம்" என்று தட்ட மாட்டார். "தினக் கணக்கு", "அதிகாலை", "முந்தைய நாள்" என்றுதான் தட்டுவார். அவை சுருக்கத்தில் இருக்க வேண்டும்.

காரணத்தைச் சுருக்கத்தில் எழுத வேண்டாம். நேர மண்டலப் பிழை என்பது என் ஊகம், நிரலை நான் பார்க்கவில்லை. அதற்குக் கீழே தனிக் குறிப்பு போதும்.

முன்னுரிமை: ஆச்சரியக்குறிகளை எண்ணாதீர்கள்

மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார் என்பதற்காக நான் முதலில் P1 வைத்தேன். அது தப்பு. யாராவது மெதுவாக, மரியாதையாக எழுதியிருந்தால் P3 வைத்திருப்பேனோ என்னவோ. கோபத்தின் அளவு வேறு, பாதிப்பின் அளவு வேறு.

நான் இப்போது இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். பாதிப்பு எவ்வளவு? எதற்குள் சரியாக வேண்டும்? எங்களிடம் P1 என்றால் கடை பில் போடவே முடியாமல் நிற்கிறது, அல்லது தரவு அழிகிறது. இங்கே பில் போட முடிகிறது, ஒன்றும் அழியவும் இல்லை. ஆக P1 இல்லை. P3 என்றால் தொல்லைதான், ஆனால் வேலை நடக்கும், அடுத்த வழக்கமான வெளியீட்டில் சரி செய்தால் போதும். அதுவும் இல்லை. ஏனென்றால் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விவசாயிக்குப் பணம் போகிறது. வாரக் கணக்கின் முதல் நாள் அதிகாலை பில் முந்தைய வாரத்துக்குப் போய்விடும், கடைசி நாளோடு அடுத்த வாரத்துப் பில் வந்து ஒட்டிக்கொள்ளும். மொத்தம் நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். திரை நின்றுபோனால் எல்லோருக்கும் தெரியும். அமைதியாகத் தப்புக் கணக்கு காட்டும் திரையை நான் எப்போதும் ஒரு படி மேலே வைப்பேன்.

தற்காலிக வழி இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். பில் பட்டியலில் தேதியைத் தேர்ந்து பார்த்தால் சரியான மொத்தம் கிடைக்கிறது. அதனால் P2, சனிக்கிழமை காலைக்குள். பாதிப்பு இந்த ஒரு மண்டியோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்தேன். பால் ஏஜென்ட், காய்கறி மண்டி, மீன் கடை என்று விடியலுக்கு முன் பில் போடும் எல்லோருக்கும் இது வரும். அவர்கள் மெயில் அனுப்பாதது, இன்னும் கவனிக்காததால்தான்.

எழுதி முடித்த டிக்கெட்

நாங்கள் ஆபீஸில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். டெவலப்பர்களில் கன்னடக்காரர், மலையாளி, வங்காளி எல்லோரும் இருக்கிறார்கள். கட்டங்களின் பெயரை அப்படியே விட்டு, உள்ளே இருப்பதைத் தமிழில் தருகிறேன்.

```
Summary: தினக் கணக்கு: அதிகாலை 12:00–5:30 பில்கள்
         முந்தைய நாள் தேதியில் வருகின்றன

Steps to Reproduce:
1. டெஸ்ட் கடை, நேர மண்டலம் Asia/Kolkata
2. இரவு 12:00–5:30க்குள் ஒரு பில் போடவும்
   (கணினிக் கடிகாரத்தை மாற்றினால் குறை வராது)
3. அதே நாள் காலை 5:30க்குப் பிறகு இன்னொரு பில்
4. தினக் கணக்கு > இன்றைய தேதி
5. பில் பட்டியல் > இன்றைய தேதி

Expected Result: இரண்டு திரையிலும் 2 பில்
Actual Result: தினக் கணக்கில் 1, பில் பட்டியலில் 2.
  விடுபட்ட பில் நேற்றைய தினக் கணக்கில் உள்ளது

Priority: P2, சனி காலை பட்டுவாடாவுக்கு முன்
Workaround: பில் பட்டியலில் தேதி வடிகட்டி

Notes: வாடிக்கையாளர் சொல்வது: போன வார
  அப்டேட்டுக்குப் பின். பழைய தாள் 38, இப்போது 36.
  ஊகம்: தேதி UTC-யில் பிரிக்கப்படுகிறது
```

இணைப்பில் மூல மெயில், திருத்தாமல். ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் விவசாயிகளின் பெயரையும் போன் நம்பரையும் மறைத்தேன். டிக்கெட்டை யார் யார் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது, பில் நேரத்தைக் காட்ட அவர்கள் நம்பர் தேவையும் இல்லை.

அண்ணனுக்கும் அதே காலை பதில் போட்டேன். பில் எதுவும் அழியவில்லை என்பது முதல் வரி. தினக் கணக்கை நம்பி இந்த வாரம் பணம் கொடுக்க வேண்டாம், பில் பட்டியலைப் பாருங்கள் என்பது இரண்டாவது. சரியாகும் நாளை உறுதியாகச் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை.

வியாழக்கிழமை காலை 10:15க்கு டிக்கெட் போனது. பத்து நிமிடத்தில் டெவலப்பர் "பார்த்துவிட்டேன், வருகிறது" என்று எழுதினார். நான் இரவில் போட்ட பில் டெஸ்ட் கணக்கில் அப்படியே இருந்ததால், அவர் நான்காம் படியிலிருந்தே தொடங்க முடிந்தது. வெள்ளி இரவு திருத்தம் போனது. அதைச் சோதித்ததும் இதே ஐந்து படிகளை வைத்துத்தான். கூடவே பழைய புதன்கிழமையைத் திறந்து 38 வருகிறதா என்றும் பார்த்தேன். வந்தது.

பிரிண்டர் டிக்கெட் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. அதில் படிகள் என்ற கட்டத்தில் "மெதுவாக" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஒரு பில்லுக்கு எத்தனை வினாடி என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.